சாயப்பட்டறையைச் சொந்தமாக வைப்பதா, ஜாப் ஒர்க் கொடுப்பதா: இரட்டை மார்ஜினும் பரிவர்த்தனைச் செலவும் வைத்து ஒரு முழுக் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்றால் நூலிலிருந்து அட்டைப்பெட்டி வரை எல்லாமே ஒரே கூரையின் கீழ் நடக்கும் என்று அர்த்தமில்லை. நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று துணி நாலு இடம் சுற்றிவிட்டுத்தான் கட்டிங் டேபிளுக்கு வரும். இந்தச் சுற்றில் எதைச் சொந்தமாக வைத்துக்கொள்வது, எதை வெளியே விடுவது என்பது பொருளாதாரத்தில் பழைய கேள்வி. 1937-இல் ரொனால்ட் கோஸ் இதற்கு ஒரு விடை தந்தார். சந்தையில் வாங்குவதற்கே பரிவர்த்தனைச் செலவு என்று ஒன்று உண்டு, அது உள்ளே நடத்தும் செலவைவிட அதிகமானால்தான் நிறுவனம் விரியும் என்றார். 1950-இல் ஜோசப் ஸ்பெங்லர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களிலும் விலை வைக்கும் பலம் உள்ளவர்கள் தனித்தனியாக லாபம் வைத்தால், இருவருக்கும் சேர்த்து லாபம் குறையும், வாங்குபவருக்கு விலையும் கூடும் என்று காட்டினார். இதுதான் இரட்டை மார்ஜின்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தவறான முடிவுகள் வருகின்றன. "டையிங்காரர் லாபம் நமக்கே கிடைக்குமே" என்று மெஷின் வாங்குபவர்கள் இரட்டை மார்ஜினுக்கான மருந்தை மிக அதிக விலைக்கு வாங்குகிறார்கள். அந்த நோய்க்குப் பெரும்பாலும் ஒரு ஒப்பந்தமே போதும். மெஷின் வாங்க நியாயமான காரணம், அந்த ஒப்பந்தத்தை எழுதவோ நிறைவேற்றவோ முடியாமல் போவதுதான். கீழே வரும் கணக்கு இதைத்தான் படிப்படியாகக் காட்டுகிறது.

## படி 1: விலைக்கும் விற்பனைக்கும் உள்ள சாய்வைப் பிடியுங்கள்

உள்நாட்டுச் சந்தையில் சொந்த பிராண்டில் டி-ஷர்ட் விற்கும் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி ஆர்டருக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே விலையை முடிவு செய்பவர் பெரும்பாலும் பையர். இரட்டை மார்ஜின் வர, விற்பவர் கையிலும் விலை வைக்கும் பலம் இருக்க வேண்டும்.

எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. கம்பெனியின் டிமாண்ட் இப்படி இருக்கட்டும். P என்பது ஒரு பீஸின் விலை ரூபாயில், Q என்பது மாத விற்பனை ஆயிரம் பீஸில்.

```
P = 400 − 2Q
```

அதாவது விலையை 10 ரூபாய் குறைத்தால் மாதம் 5,000 பீஸ் கூடுதலாகப் போகும். உங்கள் சொந்தச் சாய்வைப் பிடிக்க, ஒரே ரகத்தை வெவ்வேறு விலையில் விற்ற இரண்டு மூன்று சீசன் கணக்கை எடுங்கள். தீபாவளி மாதத்தையும் ஆடித் தள்ளுபடி மாதத்தையும் மற்ற மாதங்களோடு ஒப்பிடாதீர்கள். அப்படிச் செய்தால் பண்டிகையால் வந்த விற்பனையை விலையால் வந்ததாக எண்ணிவிடுவீர்கள். டீலர் கடையில் அடுக்கி வைத்ததும் விற்பனை ஆகாது, கடையிலிருந்து வெளியே போன பீஸைத்தான் எண்ண வேண்டும்.

அடுத்து செலவு. நூல், நிட்டிங், கட்டிங், தையல், பேக்கிங், டீலர் கமிஷன் எல்லாம் சேர்த்து கம்பெனிக்கு ஒரு பீஸுக்கு 100 ரூபாய். துணிக்குப் போடும் சிறப்புச் சாயமும் ஃபினிஷிங்கும் ஒரே ஒரு யூனிட்டில்தான் கிடைக்கிறது. அந்த யூனிட்டுக்கு ஆகும் உண்மையான செலவு பீஸுக்கு 60 ரூபாய். இந்த 60-ஐக் கண்டுபிடிப்பதுதான் சிரமமான வேலை. சாயம், கெமிக்கல், நீராவி, மின்சாரம், கூலி, கழிவுநீர் சுத்திகரிப்பு என்று தனித்தனியாகப் பிரித்து, இன்னொரு யூனிட்டின் சாதாரண ரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓரளவு நெருங்கலாம்.

## படி 2: இரண்டு பேர் தனித்தனியாக லாபம் வைத்தால் என்ன ஆகிறது

முதலில் இருவரும் ஒரே முதலாளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 160 ரூபாய். கூடுதலாக ஒரு பீஸ் விற்பதால் வரும் வருமானம் 400 − 4Q. அது 160-க்குச் சமமாகும் இடத்தில் Q = 60. எனவே மாதம் 60,000 பீஸ், விலை 280 ரூபாய், பீஸுக்கு லாபம் 120, மாத லாபம் 72 லட்சம்.

இப்போது பிரியுங்கள். டையிங் யூனிட் ஒரு பீஸுக்கு w ரூபாய் ரேட் கேட்கிறது. கம்பெனிக்கு இப்போது பீஸ் செலவு 100 + w. அது வாங்கும் அளவு (300 − w) ÷ 4 ஆயிரம் பீஸ். யூனிட் தன் லாபம் அதிகமாகும் ரேட்டைத் தேடினால் அது 180 ரூபாயில் நிற்கிறது. கம்பெனி 30,000 பீஸ் மட்டும் எடுத்து 340 ரூபாய்க்கு விற்கிறது. யூனிட்டுக்கு 36 லட்சம், கம்பெனிக்கு 18 லட்சம், இரண்டும் சேர்ந்து 54 லட்சம்தான். 18 லட்சம் யார் பையிலும் போகாமல் காணாமல் போனது. கடையில் வாங்குபவரும் 60 ரூபாய் அதிகம் தருகிறார்.

ஏன் இப்படி? கம்பெனி தன் விலையைக் கூட்டும்போது விற்பனை குறைகிறது. அதனால் யூனிட் இழக்கும் பீஸுக்கு 120 ரூபாய் லாபத்தைக் கம்பெனி கணக்கில் எடுப்பதில்லை. யூனிட்டும் அப்படியே. இருவருமே மற்றவர் நஷ்டத்தைப் பார்க்காமல் விலை வைக்கிறார்கள்.

ரேட் 180 என்பது போட்டியே இல்லாத எல்லை நிலை. நடுவில் உள்ள ரேட்டுகளையும் போட்டுப் பார்த்தால் முக்கியமான ஒன்று தெரியும்.

| டையிங் ரேட் (ரூ.) | மாத பீஸ் | விற்பனை விலை (ரூ.) | யூனிட் லாபம் (லட்சம்) | கம்பெனி லாபம் (லட்சம்) | மொத்தத்தில் இழப்பு (லட்சம்) |
|---|---|---|---|---|---|
| 60 | 60,000 | 280 | 0 | 72 | 0 |
| 80 | 55,000 | 290 | 11 | 60.5 | 0.5 |
| 120 | 45,000 | 310 | 27 | 40.5 | 4.5 |
| 180 | 30,000 | 340 | 36 | 18 | 18 |

மார்ஜின் 120-இலிருந்து 60-ஆகப் பாதியானால் இழப்பு 18 லட்சத்திலிருந்து 4.5 லட்சமாக, அதாவது கால் பங்காகக் குறைகிறது. மார்ஜினின் இருமடிக்கு ஏற்பத்தான் இழப்பு கூடுகிறது. யூனிட் பீஸுக்கு 20 ரூபாய் லாபம் பார்க்கும்போது வீணாவது மாதம் ஐம்பதாயிரம் ரூபாய்தான். பக்கத்துத் தெருவில் இதே வேலையைச் செய்ய நாலு யூனிட் இருந்தால் இரட்டை மார்ஜின் பேச்சையே விட்டுவிடலாம். சாதாரண ஷேடு டையிங்குக்கு இது அப்படியே பொருந்தும்.

இந்த நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. உங்கள் விலை கொஞ்சம் குறைந்தால் விற்பனை நன்றாகக் கூடும் என்று தெரிகிறது, அதே நேரத்தில் யூனிட்டின் மெஷினும் ஷிஃப்ட் காலியாக நிற்கிறது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தால் இரட்டை மார்ஜினைச் சந்தேகிக்கலாம். யூனிட்டில் க்யூ நிற்கிறதென்றால் பிரச்சினை வேறு, அது கெப்பாசிட்டி பற்றாக்குறை.

## படி 3: மெஷினுக்கு முன் ஒப்பந்தத்தை முயற்சியுங்கள்

இழப்பு வருவது ரேட் அதிகமாக இருப்பதால் அல்ல. கடைசியாக எடுக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் அந்த ரேட் போவதால்தான். எனவே கடைசி பீஸின் ரேட்டை மட்டும் செலவுக்கு அருகில் இறக்கினால் போதும்.

ஒரு வழி, மாதம் ஒரு நிலையான தொகை கொடுத்துவிட்டு பீஸுக்கு 60 மட்டும் கட்டுவது. பழைய ஏற்பாட்டில் யூனிட்டுக்கு 36 கிடைத்தது, எனவே அதற்குக் கீழே அவர் சம்மதிக்க மாட்டார். கம்பெனிக்கு 18 மிஞ்சியது, எனவே 72-இல் 18 போக 54-க்கு மேல் நீங்கள் தர மாட்டீர்கள். 36-க்கும் 54-க்கும் நடுவில் எந்தத் தொகையும் இருவருக்கும் லாபம்.

ஆனால் நம் ஊரில் மாதாமாதம் நிலையான தொகை என்றால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஸ்லாப் ரேட் என்றால் உடனே பேச்சு நகரும். முதல் 30,000 பீஸுக்கு 180 ரூபாய், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு பீஸுக்கும் 70 ரூபாய் என்று பேசுங்கள். கம்பெனி இப்போது 57,500 பீஸ் எடுத்து 285 ரூபாய்க்கு விற்கும். கம்பெனி லாபம் 18-இலிருந்து சுமார் 33.1 லட்சமாகிறது, யூனிட் லாபம் 36-இலிருந்து 38.75 லட்சமாகிறது. மொத்தம் 71.9 லட்சம், அதாவது ஒரே முதலாளி இருந்தால் கிடைக்கும் 72-க்கு ஒட்டியே வந்துவிட்டது. ஒரு மெஷின்கூட வாங்கவில்லை.

ஸ்லாப் பேசும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். ஸ்லாப்பை மாதக் கணக்கில் வைத்தால், டல் மாதத்தில் நீங்கள் 30,000-ஐயே தாண்ட மாட்டீர்கள். அப்போது எல்லா பீஸுக்கும் 180 போய் பழைய நோய் திரும்பும். சீசனுக்கு அல்லது ஆண்டுக்கு மொத்தமாக வையுங்கள். இன்னொன்று, 30,000-ஐத் தாண்டியதும் எல்லா பீஸுக்கும் குறைந்த ரேட் என்று எழுதிவிட்டால் யூனிட்டுக்குக் கட்டுப்படியாகாது. குறைந்த ரேட் அதற்கு மேல் போகும் பீஸுக்கு மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

## படி 4: பரிவர்த்தனைச் செலவுக்கு ரூபாய் போடுங்கள்

ஒப்பந்தம் காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் லேப் டிப்பில் ஓகே ஆன ஷேடு பல்க்கில் வராது. லாட்டுக்கு லாட் ஷேடு மாறும், ஜி.எஸ்.எம். குறையும், துவைத்தபின் சுருங்கும். தப்பு நூலிலா, நிட்டிங்கிலா, டையிங்கிலா என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். இதுதான் ஒப்பந்தத்தில் எழுத முடியாத பகுதி. ஆலிவர் வில்லியம்சன் இந்தச் செலவுகள் எப்போது பெரிதாகும் என்பதற்கு மூன்று அளவுகோல்களைத் தந்தார். போட்ட முதலீடு இந்த ஒரு உறவுக்கு வெளியே எவ்வளவு பயன்படாமல் போகும், நிச்சயமின்மை எவ்வளவு, கொடுக்கல் வாங்கல் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பவை அவை. முதலாவதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

ரூபாய் போட, ஒரு சீசனின் டெலிவரி சலான், ரீபிராசஸ் நோட்டு, டெபிட் நோட்டு மூன்றையும் எடுத்து மாதச் சராசரி பாருங்கள். நம் உதாரணக் கம்பெனிக்கு இப்படி வருகிறது என்று வைப்போம்: ஃபாலோ-அப், செக்கிங் ஆட்கள் 1.2 லட்சம், வண்டி வாடகை 0.6, ரீபிராசஸும் செகண்ட்ஸும் 2 லட்சம், தாமதத்துக்குப் பயந்து கூடுதலாக அடுக்கி வைக்கும் துணிக்கு வட்டி 0.7, தாமதத்தால் கேன்சல் ஆன ஆர்டர் 1.5. ஆக மாதம் 6 லட்சம்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, சொந்தமாக வைத்தால் இந்த 6 லட்சமும் மிச்சம் என்று எண்ணுவது. சொந்த யூனிட்டிலும் ஷேடு தவறும், செக்கிங் ஆள் வேண்டும். அங்கேயும் 2 லட்சம் நிற்கும் என்று வைத்தால் உண்மையில் மிச்சமாவது 4 லட்சம்தான்.

யூனிட் சீசன் நடுவில் ரேட் ஏற்றினால் அதையும் நஷ்டமாக எழுதக் கூடாது. உங்கள் பையிலிருந்து அவர் பைக்குப் போன பணம் அது, மொத்தத்தில் குறையவில்லை. ஆனால் அந்தப் பேரத்தில் நாலு நாள் மெஷின் நின்று, தீபாவளிச் சரக்கு கடைக்குப் போகாமல் தங்கியது உண்மையான இழப்பு. அவர் அப்படிச் செய்வார் என்று பயந்து நீங்கள் புது ஷேடு ரகம் போடாமலே விட்டதும் இழப்புதான், அது எந்த நோட்டிலும் இருக்காது.

## படி 5: சொந்த யூனிட்டின் செலவை நேர்மையாகப் போடுங்கள்

வெளி யூனிட்டின் மெஷின் செலவு பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து 60 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. உங்கள் துணிக்கு மட்டும் ஓட்டினால் மெஷினும் பாய்லரும் பாதி நேரம் சும்மா நிற்கும். அந்தக் காலியான நேரத்துக்கான வட்டி, தேய்மானம், நிலைச் சம்பளம் மாதம் 10 லட்சம் என்று வைப்போம்.

டையிங்கில் இதைக் குறைத்து மதிப்பிடுவது ஆபத்து. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாததே காரணம். அதன்பின் டையிங் யூனிட் என்றாலே எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கி, உப்பு மீட்பு என்று ஒரு இரண்டாவது ஆலையும் சேர்ந்தே வரும், இல்லையென்றால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்படி மூடல் வந்தால் சொந்த யூனிட்டும் சேர்ந்துதான் மூடும். "சொந்தமாக இருந்தால் பாதுகாப்பு" என்பது யூனிட்காரர் உங்களை நெருக்கும் ஆபத்துக்கு மட்டுமே உண்மை, எல்லோருக்கும் பொதுவாக வரும் ஆபத்துக்கு அல்ல.

## படி 6: மொத்தத்தை ஒப்பிடுங்கள், பிறகு பங்கைப் பேசுங்கள்

முதலில் இருவருக்கும் சேர்த்து மிஞ்சுவதைப் பாருங்கள்.

வெறும் 180 ரேட்டில் ஜாப் ஒர்க்: 54 − 6 = 48 லட்சம்.
ஸ்லாப் ஒப்பந்தம்: 71.9 − 6 = சுமார் 66 லட்சம்.
சொந்த யூனிட்: 72 − 10 − 2 = 60 லட்சம்.

48-ஐயும் 60-ஐயும் மட்டும் பார்த்தால் மெஷின் வாங்கத் தோன்றும். நடுவில் உள்ள 66-ஐ முயற்சிக்காமலே முடிவெடுப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறு.

ஆனால் கம்பெனியின் பங்கு என்று பார்த்தால் படம் மாறுகிறது. படி 3-இன் ஸ்லாப்பில் உங்களுக்குக் கிடைப்பது 33.1 − 6 = 27.1 லட்சம். சொந்தமாகக் கட்டினால் 60. அப்படியானால் கட்டிவிட வேண்டியதுதானே? அவசரம் வேண்டாம். உங்களால் உண்மையிலேயே கட்ட முடியும் என்று யூனிட்டுக்குத் தெரிந்தால், அவரால் 180 கேட்கவே முடியாது. ஸ்லாப் எதுவும் இல்லாத ஒரே ரேட்டில்கூட அவர் 70 ரூபாய்க்கு மேல் போக முடியாது. 70-இல் உங்கள் லாபம் 66.1 லட்சம், பரிவர்த்தனைச் செலவு போக 60.1. சொந்த யூனிட் தரும் 60-ஐவிட மயிரிழை அதிகம். யூனிட்டுக்கும் மாதம் 5.75 லட்சம் லாபம் நிற்கிறது. இரட்டை மார்ஜினால் வீணாவது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

ஆகவே கட்டும் திட்ட அறிக்கை, இசைவாணை விண்ணப்பம், வங்கி மதிப்பீடு எல்லாம் மெஷின் வாங்கத்தான் என்றில்லை, ரேட் பேசவும் பயன்படும். வெறும் வாய் மிரட்டலை யூனிட்காரர் ஒரு டீ குடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார். கட்ட முடியாத நிலையில் இருக்கிறீர்கள் என்றால் படி 3-இன் ஸ்லாப்தான் உங்கள் வழி. இருக்கும் யூனிட்டையே விலைக்கு வாங்க நினைத்தாலும், அவர் தன் எதிர்கால லாபம் முழுவதையும் விலையில் சேர்த்துவிடுவார், எனவே அதில் தனியாகக் கொள்ளை லாபம் இல்லை.

ஒப்பந்தத்துக்கும் சொந்த யூனிட்டுக்கும் உள்ள 6 லட்ச இடைவெளி எப்போது மறையும்? ஆண்டுக்கு அது 72 லட்சம். யூனிட்டோடு வரும் தகராறால் ஒரு சீசனே கைவிட்டுப் போய், ஆண்டுக்குச் சராசரியாக 72 லட்சத்துக்கு மேல் உண்மையான இழப்பு வருகிறதென்றால் சொந்தமாக வைப்பதே சரி. உங்கள் ரகத்துக்கென்றே மெஷினை மாற்றியமைக்க வேண்டியிருக்கிறது, வேறு யாருக்கும் அது பயன்படாது, ஷேடு ஒவ்வொரு மாதமும் மாறுகிறது என்றால் அந்த எண்ணை எட்டுவது கடினமில்லை.

இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. யூனிட்டை அவரே நடத்தட்டும், உங்களுக்கென்றே ஆன பொருள் உங்கள் பெயரில் இருக்கட்டும். பிரிண்டிங் ஸ்கிரீன், ஷேடு கார்டு, சாய ரெசிபி, தேவையானால் அந்த ஒரு சிறப்பு மெஷினும் உங்களுடையதாக இருந்தால், தகராறு வந்தால் எடுத்துக்கொண்டு அடுத்த யூனிட்டுக்குப் போகலாம். ரெசிபியை எழுத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரு வரியை முதல் நாளே ஒப்பந்தத்தில் சேருங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. ஜி.எஸ்.டி.யில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஓராண்டுக்குள்ளும் மெஷின் மூன்று ஆண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும் என்ற விதியை மறக்க வேண்டாம். தாண்டினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும்.

## சொந்தமாகக் கட்டிய பிறகு வரும் கோளாறு

கட்டியே ஆக வேண்டும் என்று முடிவானால், டையிங்கைத் தனி லாபப் பிரிவாக வைத்து மேனேஜருக்கு அந்த லாபத்தில் போனஸ் பேசாதீர்கள். அவர் கார்மென்ட் பிரிவுக்கு 120 ரூபாய் உள் ரேட் போடுவார். கார்மென்ட் மேனேஜர் அதைத் தன் செலவாக எடுத்துக்கொண்டு 310 ரூபாய் விலை வைத்து 45,000 பீஸோடு நின்றுவிடுவார். அட்டவணையின் மூன்றாவது வரி அப்படியே திரும்பி வருகிறது: மாதம் 4.5 லட்சம் போகிறது, இம்முறை கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டே. விலை முடிவு செய்யப் பயன்படும் உள் ரேட் 60 ஆகவே இருக்க வேண்டும். டையிங் மேனேஜரை லாபத்தால் அளக்காமல் முதல் முறையிலேயே சரியாக வந்த லாட் எத்தனை, கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர், நீராவி, குறித்த நாளில் எத்தனை லாட் போனது என்று அளக்கலாம்.

காலி ஷிஃப்டில் வெளி ஜாப் எடுக்கலாம், அந்த 10 லட்சத்தில் ஒரு பகுதி திரும்பும். ஆனால் வெளி வாடிக்கையாளரின் அவசரமும் உங்கள் அவசரமும் தீபாவளிக்கு முன் ஒரே வாரத்தில்தான் வரும். எந்த லாட் முதலில் மெஷினில் ஏறும் என்பதை ஆகஸ்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.